கடைல ஒட்டுற க்யூஆருக்கும் பில்லுக்கு பில் வர்ற க்யூஆருக்கும் என்ன வித்தியாசம், புதுசா கடை போடுறவங்களுக்கு

நம்ம கடை கேரளா எல்லைல வேலந்தாவளம் பக்கம், மாட்டுத் தீவனக் கடை. பாதி பேர் கோயம்புத்தூர் பக்கத்துல இருந்து வருவாங்க, பாதி பேர் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம், தமிழும் மலையாளமும் மாறி மாறிதான் கல்லாவுல ஓடும். இந்த ஏரியாவுல புதுசா கடை போடுற தம்பிங்க ரெண்டு மூணு பேர் ஒரே கேள்விய கேட்டுட்டாங்க, "அண்ணா, ஸ்டிக்கர் க்யூஆர் இருக்கே, அப்புறம் எதுக்கு ஒவ்வொரு பில்லுக்கும் புதுசா ஒண்ணு, ரெண்டும் அதே கட்டம் கட்டமாத்தானே இருக்கு"ன்னு. அதான் பொறுமையா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல எங்க கடைல நடந்தத சொல்லிடுறேன், அது புரிஞ்சா மீதி தானா புரியும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பால் ஊத்திட்டு எல்லாரும் ஒண்ணா வர்ற நேரம். ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு மூட்டை தீவனம், அதே கம்பெனி, அதே 50 கிலோ, ஆளுக்கு ₹1,480. ரெண்டு பேரும் ஒரே ஸ்டிக்கர ஸ்கேன் பண்றாங்க, ஒருத்தர் இந்தப் பக்கம் இன்னொருத்தர் அந்தப் பக்கம். பேசுற பெட்டி "ஆயிரத்து நானூற்று எண்பது ரூபாய்"னு ஒரு தடவ சொல்லுச்சு. கல்லாவுல என் வீட்டுக்காரம்மா, அவங்க ரெண்டு பேரையும் பாத்து தலையாட்டிட்டாங்க, ரெண்டு பேரும் மூட்டைய வண்டில போட்டு போயிட்டாங்க. ராத்திரி கணக்கு பாத்தா ஒரு 1,480 குறையுது. யாரோடது வரலன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கடை ஆப்புல பணம் போட்டவங்க பேர் வந்துச்சு, ஆனா அது கடைக்கு வந்தவர் பேர் இல்ல, பையன் போன்ல இருந்து போட்டிருக்காங்க. யார் பையன்னு எங்களுக்கு எப்படி தெரியும். யார்கிட்டயும் போய் கேக்கவும் முடியல, தப்பான ஆளக் கேட்டா "என்னைத் திருடன்ங்கிறியா"ன்னு ஆயிடும், சின்ன ஊரு.

ஒரு வாரம் கழிச்சு அதுல ஒருத்தர் தானாவே வந்தார். "தம்பி, அன்னைக்குப் போட்ட காசு எனக்கே திரும்பி வந்துருச்சு, இந்தா"ன்னு ரொக்கமா குடுத்துட்டுப் போனார். அவர் போன்ல அன்னைக்கு சுத்திக்கிட்டே இருந்திருக்கு, அக்கவுண்ட்ல கழிஞ்சு எங்களுக்கு வந்து சேரல. ரிசர்வ் பேங்க் 2019ல போட்ட விதிப்படி கடைக்கு கட்டின யூபிஐ பணம் இப்படி நடுவுல நின்னா அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும், அதுக்கு மேல போனா நாளுக்கு ₹100 வீதம் கஸ்டமருக்கு பேங்க் குடுக்கணும். அவருக்கு அப்படித்தான் திரும்பி வந்திருக்கு. அவர் நல்ல மனுசன், வந்தார்.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன்.

ஸ்டிக்கருக்குள்ள என்ன எழுதியிருக்கு

யூபிஐ க்யூஆர்ங்கிறது ஒரு வரி எழுத்துதான், அத படமா மாத்தி வெச்சிருக்காங்க, அவ்வளவே. உங்க ஸ்டிக்கர பணம் கட்டுற ஆப்புல ஸ்கேன் பண்ணாம, எழுத்த அப்படியே காட்டுற சாதா க்யூஆர் ரீடர்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க. ஏறக்குறைய இப்படி வரும் (பேரு நான் சும்மா போட்டது):

```
upi://pay?pa=kadai@bank&pn=Theevana%20Kadai&cu=INR
```

`pa`ன்னா பணம் யாருக்குப் போகணும்ங்கிற யூபிஐ ஐடி. `pn` கடை பேரு. `cu` இந்திய ரூபாய்னு சொல்றது. கடைக்கணக்குன்னா இன்னும் ஒண்ணு ரெண்டு சேந்து இருக்கும், ஆனா அடிப்படை இதுதான். இதுல எவ்வளவுன்னு இல்ல, எந்த பில்லுன்னு இல்ல. நேத்து வந்தவருக்கும் இதே வரி, நாளைக்கு வர்றவருக்கும் இதே வரி. அதனாலதான் இத ஸ்டாட்டிக்ங்கிறாங்க. அமௌண்ட்ட அடிக்கிறது கஸ்டமர்.

இப்ப அதே கடைல பில் மெசின்ல 2417ம் நம்பர் பில்லு போடுறோம்னு வைங்க. ஒரு மூட்டை தீவனம் 1,480, கடலைப் புண்ணாக்கு 5 கிலோ 310, தாது உப்பு ஒரு பாக்கெட் 180, மொத்தம் ₹1,970. அதுக்கு வர்ற க்யூஆருக்குள்ள இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Theevana%20Kadai&tr=KD2417&am=1970.00&cu=INR
```

ரெண்டே ரெண்டு சங்கதிதான் கூடியிருக்கு. `am`ங்கிறது அமௌண்ட்டு, இது இருந்தா கஸ்டமர் போன்ல 1,970 தானா வந்து நிக்கும், பெரும்பாலும் மாத்தவும் விடாது. ஸ்டிக்கர்ல 1,970க்கு 1,790ன்னு அடிச்சுட்டுப் போற கதை இங்க நடக்காது, அது தெரியாம நடக்குறதுதான் அதிகம், கண்ணாடி போடாத பெரியவங்க நெறைய பேர் இருக்காங்க. `tr`ங்கிறது ரெஃபரன்ஸ் நம்பர், இந்த பில்லுக்கு மட்டும் உள்ள நம்பர். அடுத்த பில்லுக்கு வேற. இதுக்குப் பேர்தான் டைனமிக்.

எல்லாரும் `am`அத்தான் பெருசா சொல்லுவாங்க, தொகை தானா வருதுன்னு. என்னக் கேட்டா `tr`தான் உசிரு. ஏன்னா பணம் வந்துச்சான்னு கேக்குறதுக்கு ஒரு அடையாளம் வேணும்ல. ஸ்டிக்கர்ல "இன்னைக்கு 1,480 ஏதாவது வந்துச்சா"ன்னுதான் கேக்க முடியும். டைனமிக்ல "KD2417க்கு வந்துச்சா"ன்னு நேரா கேக்கலாம், ஆமா, இல்ல, இன்னும் நடுவுலதான் இருக்குன்னு பதில் வரும். அந்த சனிக்கிழமை ரெண்டு பில்லுக்கும் தனித்தனி `tr` இருந்திருந்தா ஒண்ணு பச்சை, ஒண்ணு பெண்டிங்னு அங்கயே தெரிஞ்சிருக்கும், அவர நிறுத்தி "அண்ணா, ரெண்டு நிமிசம் இருங்க"ன்னு சொல்லியிருப்போம்.

பாதி டைனமிக்ல ஏமாந்துடாதீங்க

இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல, நானும் ஆறு மாசம் தெரியாமத்தான் இருந்தேன். சில பில்லிங் ஆப்புல உங்க யூபிஐ ஐடிய போட்டா போதும், ஒவ்வொரு பில்லுலயும் அமௌண்ட் போட்ட க்யூஆர் அடிச்சுக் குடுத்துடும். பாக்க டைனமிக் மாதிரியே இருக்கும். ஆனா அந்த ஆப்பு பண்றதெல்லாம் மேல காட்டின வரிய தானே எழுதி படமாக்குறது மட்டும்தான், உங்க பேங்குக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பணம் வந்தாலும் வரலன்னாலும் அதுக்குத் தெரியாது. கஸ்டமர் தப்பா அடிக்க மாட்டார்ங்கிறது ஒண்ணுதான் லாபம்.

முழு டைனமிக்னா க்யூஆர் பேங்க்ல இருந்தோ பேமெண்ட் கம்பெனில இருந்தோ உருவாகி வரும், பணம் கட்டினதும் அவங்க சர்வர் உங்க பில்லிங் சாஃப்ட்வேருக்கு "KD2417, ₹1,970, சக்சஸ்"னு திருப்பிச் சொல்லும், கூடவே அந்தப் பணத்துக்கு மட்டும் உள்ள 12 இலக்க யூடிஆர் நம்பரும் வரும். இந்தத் திருப்பிச் சொல்றதத்தான் கால்பேக்குங்கிறாங்க. இது இருக்கான்னு கேட்டுட்டுத்தான் எதுலயும் சேரணும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். ஒரு ரூபாய்க்கு பில் போடுங்க, வேற போன்ல இருந்து கட்டுங்க, பில் ஸ்கிரீன்ல கைய வெக்காம சும்மா நில்லுங்க. தானா "பெய்டு"ன்னு மாறுச்சுன்னா முழு டைனமிக். "பணம் வந்ததா, ஆம், இல்லை"ன்னு உங்கள அமுக்கச் சொன்னா அது பாதிதான்.

நடுவுல இன்னொண்ணு இருக்கு, சின்ன ஸ்கிரீன் வெச்ச பேசுற பெட்டி. அதுல நீங்களே தொகைய அடிச்சா அந்தத் தொகைக்கு மட்டும் ஒரு க்யூஆர் காட்டும், பணம் வந்தா அதுவே சொல்லும். இது முழு டைனமிக்தான், ஆனா உங்க பில் நம்பர் அதுக்குத் தெரியாது, தொகைய நீங்க அடிக்கறப்ப தப்பு வரலாம். பில்லிங் சாஃப்ட்வேரே இல்லாத சின்னக் கடைக்கு இது போதும்னுதான் சொல்லுவேன்.

நெட்ல தேடினா "டைனமிக் க்யூஆர்"னு வேற ஒரு சாமானும் வரும், விளம்பரத்துக்கு லிங்க்க மாத்திக்கிற க்யூஆர். அதுக்கும் பணத்துக்கும் சம்மந்தம் இல்ல. அதே மாதிரி பெரிய கம்பெனி ஜிஎஸ்டி இன்வாய்ஸ் மேல ஒரு க்யூஆர் இருக்கும், அது இ-இன்வாய்ஸ் சரி பாக்குறதுக்கு, அத ஸ்கேன் பண்ணி பணம் கட்ட முடியாது. எங்ககிட்ட தீவனம் இறக்குற லாரி பில்லுல பாத்துட்டு ஒரு பையன் அதுல பணம் கட்ட முயற்சி பண்ணிக்கிட்டே இருந்தான், பாவம்.

சேர்றப்ப என்ன செய்யணும்

சொந்தப் பேர்ல இருக்குற சாதா யூபிஐ ஐடிய வெச்சு ஆரம்பிக்காதீங்க, கடைக்கணக்கா, அதாவது மெர்ச்சண்ட்டா பதிவு பண்ணுங்க. பான் கார்டு, பேங்க் கணக்கு, கடை இருக்குறதுக்கு ஒரு ஆதாரம் கேப்பாங்க. இங்க ஒரு எல்லைப் பிரச்சினை உண்டு, கடை கேரளாவுல, பேங்க் கணக்கு கோயம்புத்தூர்ல, ஆதார் அட்ரஸ் இன்னொரு ஊர்ல இருக்கும் நெறைய பேருக்கு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா கடை அட்ரஸுக்கு குடுக்குற பேப்பர் கடை இருக்குற பஞ்சாயத்து லைசென்ஸா இருக்கட்டும், அப்பத்தான் வெரிஃபை பண்ண வர்ற ஆளு திரும்பிப் போக மாட்டார். பேசுற பெட்டி பாசைய அப்பவே சொல்லிடுங்க. எங்களுக்கு வந்த சேட்டன் மலையாளத்துல செட் பண்ணிட்டுப் போயிட்டார், எனக்குப் பழக்கம்தான், ஆனா கல்லாவுல உக்கார்ற எங்கம்மாவுக்கு அவசரத்துல தொகை காதுல ஏறல, மாத்த ஒரு வாரம் ஆச்சு.

அவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, பணம் என் கணக்குக்கு எப்ப வரும். ஸ்டிக்கர்ல சில பேங்க் அப்பவே கணக்குல போட்டுடும், டைனமிக்ல கம்பெனி வழியா வர்றப்ப அடுத்த வேலை நாள்ல மொத்தமா வர்றது உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி வித்தது திங்கக்கிழமைதான் கைக்கு வரும்னா சனிக்கிழமை காலைல லாரிக்கு எத வெச்சுக் குடுப்பீங்க, அத யோசிச்சுக்கங்க. ரெண்டாவது, காசு. பேங்க் கணக்குல இருந்து யூபிஐல கட்டினா கடைக்காரர்கிட்ட எம்டிஆர்ங்கிற கட்டணம் பிடிக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரில இருந்து இருக்கு, ஆனா மெசின் வாடகை, சாஃப்ட்வேர் கட்டணம்னு வேற பேர்ல இருக்கும், ரூபே கிரெடிட் கார்ட யூபிஐல இணைச்சு கட்டினா அதுக்குத் தனிக் கணக்கு. எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க. மூணாவது, ஒரு க்யூஆர் எத்தன நிமிசம் உயிரோட இருக்கும், ஒரு தடவைக்கு மேல அதுல கட்ட முடியுமான்னு.

இந்த மூணாவது கேள்விக்கு அவங்க சொல்ற பதில நம்பி விட்றாதீங்க, மெசின் வந்த அன்னைக்கே டெஸ்ட் பண்ணுங்க. ஒரு ரூபா பில் போட்டு, ஒரு போன்ல கட்டிட்டு, அதே க்யூஆர இன்னொரு போன்ல ஸ்கேன் பண்ணிக் கட்டப் பாருங்க. கட்ட விடாம தள்ளிடுச்சுன்னா நல்லது. விட்டுச்சுன்னா ஒரே பில்லுக்கு ரெண்டு தடவ பணம் வர வாய்ப்பு இருக்கு, போன் பண்ணி செட்டிங்க மாத்தச் சொல்லுங்க. அப்படியே நேரம் முடிஞ்ச க்யூஆரயும் ஒரு தடவ ஸ்கேன் பண்ணிப் பாத்துடுங்க.

கல்லாவுல உக்காந்தா

பில் போட்டதும் ஸ்கிரீன கஸ்டமர் பக்கம் திருப்புங்க. வெய்யில் நேரா விழுந்தா ஸ்கிரீன் தெரியாது, எங்க கடை மேற்குப் பாத்த கடை, மதியம் மூணு மணிக்கு மேல ஒரு அட்டைய வெச்சு மறைச்சுக் காட்டுறோம். அவர் ஸ்கேன் பண்ணதும் "அமௌண்ட் 1,970 வருதுங்களா"ன்னு ஒரு வார்த்த கேளுங்க. அப்புறம் உங்க ஸ்கிரீன மட்டும் பாருங்க. அவர் போன்ல பச்சை டிக் வந்துச்சுன்னு காட்டினாலும் உங்க ஸ்கிரீன் மாறுற வரைக்கும் மூட்டைய எடுக்க விடாதீங்க, பச்சை டிக் காட்டுறதுக்குன்னே போலி ஆப்பு இருக்கு, பழைய ஸ்க்ரீன்ஷாட்டும் இருக்கு. மரியாதையா "மெசின்ல ஏறட்டும்ங்க அண்ணா"ன்னு சொன்னா யாரும் கோவிக்கிறதில்ல.

எல்லாரும் மாட்டுறது பெண்டிங்லதான். அவர் போன் சுத்துது, உங்க ஸ்கிரீன் மாறல, பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. உடனே பில்ல கேன்சல் பண்ணி புது க்யூஆர் போடத் தோணும். போடாதீங்க. புதுசு போட்டா புது `tr`, அவர் அதுலயும் கட்டிடுவார், அஞ்சு நிமிசத்துல பழசும் வந்து சேந்துடும், ரெண்டு தடவ வாங்கின கடைன்னு பேராகிடும். முதல்ல பில்லுல இருக்குற ஸ்டேட்டஸ் பட்டன அமுக்குங்க, அது `tr` நம்பர வெச்சு சர்வர்ல கேக்கும். பல நேரம் பணம் வந்திருக்கும், கால்பேக் மட்டும் வழில தொலைஞ்சிருக்கும், பட்டன அமுக்கினதும் மாறிடும். ஃபெயில்னு வந்தா மட்டும் புது க்யூஆர். பெண்டிங்னே நின்னா அந்த பில்ல அப்படியே விட்டுட்டு ரொக்கமா வாங்குங்க, "அது நடுவுல நிக்குது, உங்களுக்குத் திரும்பி வரும், இல்ல எங்களுக்கு வந்துச்சுன்னா நாங்களே திருப்புறோம்"னு சொல்லி அவர் போன் நம்பர பில்லுல எழுதிக்கங்க. டைனமிக்ல திருப்புறதும் சுலபம், அந்த `tr`அ எடுத்து ரீஃபண்ட் குடுத்தா வந்த வழியே போயிடும். ஸ்டிக்கர்ல வந்த பணத்த பல நேரம் நாமதான் ஐடி கேட்டு அனுப்ப வேண்டியிருக்கும், அதுல "தப்பா கூட அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க"ன்னு ஏமாத்துறவங்களும் வருவாங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட்ல பாக்காம ஒரு ரூபா அனுப்பாதீங்க.

ஸ்டிக்கர கழட்டிடலாமா

வேண்டாம். டைனமிக் க்யூஆர் உருவாகவே உங்க கடைல நெட் வேணும். இந்த எல்லைல சிக்னல் எப்ப எந்த டவர பிடிக்கும்னு சொல்ல முடியாது, மழை பெஞ்சா எங்க மெசின் அரை மணி நேரம் கூட சும்மா இருக்கும். ஸ்டிக்கருக்கு உங்க பக்கம் நெட்டு, கரண்டு எதுவும் வேண்டாம், கஸ்டமர் போன்ல இருந்தா போதும். இளநி விக்கிறவர், பூக்கடை, டீக்கடை மாதிரி பத்து இருபது ரூபா வியாபாரத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் பில் போட்டு க்யூஆர் காட்டிக்கிட்டு இருந்தா வியாபாரம் நடக்காது, அவங்களுக்கு ஸ்டிக்கரே சரி.

ஆனா வெளிய ஒட்டாம கல்லாவுக்கு உள் பக்கம் வைங்க. ராத்திரில ஸ்டிக்கர் மேல வேற ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போறது நடக்குது, டிசைன் அப்படியே இருக்கும், உள்ள இருக்குற `pa` மட்டும் வேற ஆளோடது. காலைல கடை தொறந்ததும் ஒரு தடவ ஸ்கேன் பண்ணி உங்க கடை பேர்தான் வருதான்னு பாத்துட்டு, பணம் கட்டாம வெளிய வந்துடுங்க. ஓரத்த நகத்தால தடவிப் பாருங்க, ரெண்டு லேயர் இருந்தா கையில தட்டும்.

நெட் இல்லாத நேரத்துல ஸ்டிக்கர்ல வாங்கினா, கஸ்டமர் போன்ல இருக்குற யூடிஆர் நம்பரோட கடைசி நாலு இலக்கத்த பில் காப்பில பேனாவால எழுதிடுங்க, தொகைக்குப் பக்கத்துல. ராத்திரி நெட் வந்ததும் பேங்க் லிஸ்ட்ல அந்த நாலு இலக்கத்த தேடி ஒவ்வொண்ணா டிக் அடிங்க. எங்க வீட்டுக்காரம்மா இதுக்குன்னு செவப்புப் பேனா வெச்சிருக்காங்க, டிக் விழாத பில்லு மட்டும் கல்லாப்பெட்டி மேல கிளிப்புல தொங்கும், மறுநாள் முதல் வேலை அதுதான்.